கூலரா, ஏசியா: ஈரத்துணி சொல்லும் பதில்

ஒரே கம்பெனி, ஒரே மாடல் ஏர் கூலர் இரண்டு. ஒன்று வேலூரில் ஒரு வீட்டுக்குப் போகிறது, இன்னொன்று சென்னை திருவான்மியூருக்கு. மே மாதம் முடிவதற்குள் வேலூர்க்காரர் அதைப் பார்த்துப் பார்த்துத் துடைத்து வைத்துக்கொள்கிறார். திருவான்மியூரில் இருப்பவரோ, ‘காசைக் கரியாக்கிவிட்டேன்’ என்று அதைப் பால்கனியில் ஒதுக்கிவிட்டு ஏசி வாங்கத் தவணைக் கடன் விசாரிக்கிறார். இரண்டு இயந்திரங்களிலும் பழுது கிடையாது. இரண்டு ஊர்க் காற்றிலும் இருக்கும் ஈரத்தின் அளவுதான் வேறு.

கூலரை ஏழைகளின் ஏசி என்று கடைகளில் சொல்லி விற்கிறார்கள். அது தவறான பேச்சு. கூலர் சிறிய ஏசி அல்ல. ஏசி பெரிய கூலரும் அல்ல. இரண்டும் வெப்பத்தைக் கையாளும் விதமே வேறு. அந்த வித்தியாசம் புரிந்துவிட்டால், எந்த ஊரில் எதற்குக் காசு போடலாம் என்பதை யாரிடமும் கேட்காமல் நாமே சொல்லிவிடலாம்.

வெப்பம் எங்கே போகிறது?

கூலருக்குள் நடப்பது மண்பானையில் நடப்பதுதான். தண்ணீர் ஆவியாக வேண்டுமானால் அதற்கு வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தைப் பக்கத்தில் இருக்கும் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது, காற்று குளிர்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை விழுங்குகிறது. மின்சாரக் கணக்கில் சொன்னால், ஏறக்குறைய முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான வெப்பம். வறண்ட பிற்பகலில் ஒரு பெரிய கூலர் மணிக்குப் பத்து லிட்டர் வரை ஆவியாக்கும். அதாவது, ஆறு யூனிட்டுக்கும் அதிகமான வெப்பத்தைக் காற்றிலிருந்து எடுக்கிறது. அதற்கு அது செலவழிப்பது விசிறிக்கும் சின்னஞ்சிறு பம்புக்குமாகச் சேர்த்து 180 வாட் அளவுக்குத்தான். மணிக்கு ஐந்தில் ஒரு யூனிட்கூட ஆகாது. இவ்வளவு மலிவாகக் குளிர்ச்சி தரும் இயந்திரம் வீட்டுச் சாமான்களில் வேறொன்று இல்லை.

ஆனால் எடுத்த வெப்பத்தை அது வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டுவதில்லை. வெப்பம் நீராவிக்குள் ஒளிந்துகொண்டு அதே காற்றோடு அறைக்குள் வருகிறது. சூடு குறைந்த அளவுக்கு ஈரம் கூடிவிடுகிறது. கூலரின் பலமும் பலவீனமும் இதுதான்.

ஏசியின் வேலை இதற்கு நேரெதிர். அது அறைக்குள் இருக்கும் வெப்பத்தைக் கேஸ் மூலம் உறிஞ்சி, காப்பர் பைப் வழியாக வெளியே இருக்கும் அவுட்டோர் யூனிட்டுக்குக் கொண்டுபோய்த் தள்ளுகிறது. போகிற போக்கில் காற்றில் இருக்கும் ஈரத்தையும் பிழிந்து எடுக்கிறது. மாடியிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கும் ஏசி தண்ணீர் அப்படிப் பிழிந்த ஈரம்தான். சென்னை வீடுகளில் அந்தக் குழாயின் கீழே வாளி வைத்தால் ஓர் இரவில் வாளி நிரம்புவதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்றரை டன் ஏசி என்றால் மணிக்கு ஐந்து யூனிட்டுக்குச் சற்று மேலான வெப்பத்தை வெளியேற்றும் திறன் என்று பொருள். சராசரியாக அது இழுக்கும் மின்சாரம் கூலர் இழுப்பதைப் போல நான்கைந்து மடங்கு.

ஓர் எண் போதும்

பள்ளிக்கூடத்தில் ‘உலர்குமிழ், ஈரக்குமிழ் வெப்பமானி’ என்று படித்த நினைவு இருக்கும். சாதாரண வெப்பமானி காட்டுவது உலர்குமிழ் வெப்பநிலை. அதே வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி, விசிறிக் காற்றில் காட்டினால், துணியின் ஈரம் ஆவியாக ஆவியாக அளவு இறங்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றுவிடும். அதுதான் ஈரக்குமிழ் வெப்பநிலை. தண்ணீரை ஆவியாக்கி அந்தக் காற்றை எவ்வளவு குளிர வைக்க முடியுமோ, அதன் கடைசி எல்லை அது. எத்தனை ஆயிரம் கொடுத்து எந்தக் கூலரை வாங்கினாலும் அந்த எல்லைக்குக் கீழே போகாது. நல்ல கூலர், உலர்குமிழுக்கும் ஈரக்குமிழுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் முக்கால் பங்கு தூரம் இறக்கும். பேட் மெல்லியதாகவோ அழுக்கேறியோ இருந்தால் பாதி தூரம்தான்.

இதை வைத்து வேலூரைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மே மாதம் மதியம் மூன்று மணி, 40 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஈரக்குமிழ் வெப்பநிலை சுமார் 24 டிகிரி வரும். இடைவெளி 16 டிகிரி. அதில் முக்கால் பங்கு 12. ஆக, கூலரிலிருந்து வரும் காற்று சுமார் 28 டிகிரியில் முகத்தில் அடிக்கும். வெளியே அனல் வீசும்போது 28 டிகிரிக் காற்று பெரிய ஆறுதல்.

இரவு பதினொரு மணிக்கு அதே ஊரில் 32 டிகிரியும் 50 சதவீத ஈரப்பதமும் இருக்கிறது என்று கொள்வோம். ஈரப்பதம் இரண்டு மடங்காகிவிட்டதே, கூலர் இனி வேலை செய்யுமா என்று தோன்றும். ஈரக்குமிழ் வெப்பநிலையைப் பார்த்தால் அது அப்போதும் 24-ஐ ஒட்டியே நிற்கிறது. காற்றில் இருக்கும் நீராவியின் அளவு இரண்டு மடங்காகிவிடவில்லை. சதவீதம் இவ்வளவு கூடியதற்குச் சூடு குறைந்ததும் ஒரு முக்கியக் காரணம். எனவே கூலர் 26 டிகிரியில் காற்று தரும். வானிலை அறிக்கையில் வரும் ஈரப்பதச் சதவீதத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

இப்போது சென்னைக்கு வருவோம். மாலை நேரம், கடற்காற்று உள்ளே வந்துவிட்டது. 34 டிகிரி, ஈரப்பதம் 65 சதவீதம். ஈரக்குமிழ் 28 டிகிரிக்கு மேல். இடைவெளி ஆறு டிகிரிகூட இல்லை. கூலர் தரும் காற்று சுமார் 30 டிகிரி. ஈரப்பதமோ 90 சதவீதத்தை நெருங்கிவிடும். நள்ளிரவில் 30 டிகிரி, 80 சதவீதம் என்று வைத்தால் ஈரக்குமிழ் 27. கூலர் இறக்கக்கூடியது இரண்டே டிகிரி. கிடைப்பது 28 டிகிரிக் காற்றுதான், ஆனால் கிட்டத்தட்ட நீராவி நிறைந்த காற்று.

வேலூரில் மதியம் கிடைத்ததும் 28, சென்னையில் நள்ளிரவில் கிடைத்ததும் 28. அப்படியிருக்க ஒன்று ஏன் இதமாகவும் மற்றொன்று பிசுபிசுப்பாகவும் இருக்கிறது? நம் உடம்பும் ஒரு கூலர்தான். வியர்வை ஆவியானால்தான் தோல் குளிரும். சுற்றியிருக்கும் காற்றே ஈரம் நிறைந்து நின்றால் வியர்வை ஆவியாகாமல் வழிந்து ஓடும். சென்னையில் ஏற்கெனவே அந்த நிலைமை. அங்கே கூலர் போட்டால் உடம்பு செய்யப்போகும் வேலைக்கு இருந்த கொஞ்சநஞ்ச இடத்தையும் அது முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறது. அங்கே கூலர் முன்னால் உட்கார்ந்தவருக்குச் சுகமாக இருப்பது அதன் பெரிய விசிறியால்தான். பம்பை அணைத்துவிட்டு வெறும் விசிறியாக ஓடவிட்டாலும் அதே சுகம் கிடைக்கும். தலையணை உறை நமநமப்பது, பீரோவில் துணி வாடை அடிப்பது, அலமாரிப் புத்தகத்தில் பூஞ்சை பிடிப்பது ஆகியவையாவது மிஞ்சும்.

சென்னைக்காரர்களுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. கத்திரி வெயில் நாட்களில் மேற்கிலிருந்து வறண்ட காற்று பலமாக வீசி, கடற்காற்று நுழையாமல் தாமதமாகும் பிற்பகல்கள் இருக்கின்றன. 40 டிகிரியைத் தாண்டும் அந்த நாட்களில் ஈரப்பதம் 30 சதவீதம் அளவுக்கு இறங்கும். அப்போது சென்னையிலும் கூலர் வேலூரில்போல வேலை செய்யும். ஆனால் வருடத்தில் அப்படிச் சில நாட்களுக்காக ஒரு இயந்திரத்தை வாங்கி வைப்பது வீண். நாகப்பட்டினம், கடலூர், தூத்துக்குடி என்று கரையோரம் முழுக்க இதே கதைதான்.

உள்மாவட்டங்களில் நிலைமை வேறு. வேலூர், திருப்பத்தூர், தருமபுரி, சேலம், கரூர், ஈரோடு, திருச்சி, மதுரை ஆகிய ஊர்களில் மார்ச் தொடங்கி ஜூன் வரை கூலருக்கு நல்ல வேலை இருக்கிறது. கோடை மழை பெய்த மறுநாள் மட்டும் அது சோர்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலத்தில் அதை மூடி வைத்துவிடலாம். அப்போது விசிறியே போதும்.

உங்கள் ஊர் எந்தப் பக்கம் என்பதைச் சந்தேகம் இல்லாமல் தெரிந்துகொள்ள வழி எளிது. கடையில் கிடைக்கும் சாதாரண அறை வெப்பமானி ஒன்றை வாங்குங்கள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது. குமிழில் மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றி, அறை வெப்பத்தில் இருக்கும் தண்ணீரில் நனைத்து, விசிறிக்கு முன்னால் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். ஏப்ரல், மே மாதங்களில் மதியம் மூன்று மணிக்கும் இரவு பத்து மணிக்கும் சில நாட்கள் பார்த்தால் போதும். 25 டிகிரிக்குக் கீழே நின்றால் கூலர் தாராளமாக வாங்கலாம். 27-க்கு மேலே நின்றால் கூலர் வேண்டாம். நடுவில் நின்றால், கூலர் ஓரளவு உதவும். ஏசி வாங்க வசதி இல்லாத நிலையில் அதுவும் நல்லதே.

ஜன்னலை மூடினால் கெட்டது

வறண்ட ஊரிலும் கூலர் சரியில்லை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் ஏசி அறையைப் போலக் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டு நடுக்கூடத்தில் கூலரை வைத்திருப்பார்கள். உள்ளே இருக்கும் காற்றையே அது மறுபடி மறுபடி இழுத்து நனைக்கிறது. முதல் இருபது நிமிடம் சுகமாக இருக்கும். அதன் பிறகு அறை முழுக்க ஈரம் ஏறி, திருவான்மியூர்ப் புழுக்கத்தை வேலூரிலேயே உண்டாக்கிவிடும்.

கூலரின் முதுகு வெளிக்காற்றைப் பார்த்து இருக்க வேண்டும். ஜன்னலுக்கு வெளியே ஸ்டாண்டு போட்டு வைப்பது உத்தமம். முடியாவிட்டால் திறந்த ஜன்னலை ஒட்டி முதுகைத் திருப்பி வையுங்கள். எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னலையோ கதவையோ அரைவாசி திறந்து விடுங்கள். ஈரக்காற்று அந்த வழியாக வெளியேறிக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே வரும் காற்று அளவுக்கு வெளியே போகிறதா என்பதை, திறந்த ஜன்னலருகே ஒரு காகிதத் துண்டைப் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். காகிதம் வெளிப்பக்கமாகப் படபடக்க வேண்டும். ஜன்னலே இல்லாத உள் அறை, அல்லது ஒரே ஒரு சிறு ஜன்னல் உள்ள அறை என்றால், ஊர் எவ்வளவு வறண்டிருந்தாலும் கூலர் உங்களுக்கு ஆகாது.

தொட்டியில் ஐஸ் போடுவது இன்னொரு வழக்கம். ஐஸ் போட்டால் முதலில் சற்று ஜில்லென்று இருக்கும் என்பது உண்மை. ஆனால் ஒரு கிலோ ஐஸ் உருகும்போது எடுக்கும் வெப்பம், ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது எடுக்கும் வெப்பத்தில் ஏழில் ஒரு பங்குதான். ஃப்ரிட்ஜில் அந்த ஐஸை உறைய வைக்க ஆகும் மின்சாரத்தையும் நினைத்துப் பாருங்கள். ஓடத் தொடங்கிச் சிறிது நேரத்தில் தொட்டித் தண்ணீர் தானாகவே ஈரக்குமிழ் வெப்பநிலைக்கு இறங்கிவிடும். ஐஸ் அறை இருக்கிறது என்று அதிக விலை சொன்னால் கொடுக்காதீர்கள்.

கடைக்காரர் முதலில் சொல்வது தொட்டி எத்தனை லிட்டர் என்பதைத்தான். அது எத்தனை மணிக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதைச் சொல்லுமே தவிர, எவ்வளவு குளிரும் என்பதைச் சொல்லாது. குளிர்ச்சியைத் தீர்மானிப்பது பேட்டின் பரப்பும் தடிமனும், விசிறி இழுக்கும் காற்றின் அளவும். மூன்று பக்கமும் தேன்கூடு பேட் உள்ள, நல்ல கனமான பேட் உள்ள பெட்டிக் கூலரைப் பாருங்கள். மெலிந்த உயரமான டவர் கூலர் அழகாக இருக்கும். ஆனால் அதன் பேட் சின்னது. ஒருவர் கட்டிலருகே வைத்துக்கொள்ளப் போதும், கூடத்துக்குப் போதாது.

கரண்ட் பில்லில் மறைந்திருக்கும் படிக்கட்டு

இப்போது காசுக்கு வருவோம். ஒரு பெரிய அறைக்குப் போதுமான பெட்டிக் கூலர் பத்தாயிரத்திலிருந்து பதினைந்தாயிரம் ரூபாய்க்குள் வந்துவிடும். ஒன்றரை டன், மூன்று ஸ்டார் இன்வெர்ட்டர் ஏசி முப்பத்தைந்தாயிரத்திலிருந்து நாற்பதாயிரம் வரை. ஐந்து ஸ்டார் என்றால் இன்னும் எட்டு, பத்தாயிரம் கூடும். 2025 செப்டம்பரில் ஏசிக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தபின் இந்த இடைவெளி கொஞ்சம் சுருங்கியிருக்கிறது. ஆனால் ஏசி விலை என்பது பெட்டியின் விலையோடு முடிவதில்லை. பொருத்தும் கூலி, தரப்படும் அளவுக்கு மேல் போகும் காப்பர் பைப், அவுட்டோர் யூனிட்டுக்கு ஸ்டாண்டு, ஸ்டெபிலைசர், தனி ஒயரிங் என்று சேர்ந்தால் ஐந்தாயிரம், ஆறாயிரம் ஆகிவிடும்.

ஓட்டும் செலவை ஓர் உதாரணத்தோடு பார்ப்பதே நல்லது. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மீட்டர் பார்க்கிறார்கள். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த வீட்டுக் கட்டணத்தை எடுத்துக்கொள்கிறேன். முதல் 100 யூனிட் இலவசம். அடுத்து 400 வரை யூனிட்டுக்கு 4.80, 401 முதல் 500 வரை 6.45, 501 முதல் 600 வரை 8.55, 601 முதல் 800 வரை 9.65 ரூபாய். மொத்தம் 500-க்குள் நிற்கும் வீடுகளுக்கு இரண்டாவது நூறு யூனிட்டுக்கு ஏறக்குறைய பாதி விலை. 500-ஐத் தாண்டினால் அந்தச் சலுகை போய்விடும்.

விசிறி, ஃப்ரிட்ஜ், டி.வி., மோட்டார் என்று இரண்டு மாதத்தில் 300 யூனிட் ஆகும் ஒரு வீடு இருக்கிறது. அதன் பில் 700 ரூபாயைச் சற்றுத் தாண்டும். இதில் கூலரைச் சேர்த்து நாளுக்குப் பத்து மணி நேரம் ஓட்டினால் அறுபது நாளில் 108 யூனிட் கூடும். பில் சுமார் 1,250 ஆகும். அதாவது கூலருக்கான செலவு இரண்டு மாதத்துக்கு 530 ரூபாய் அளவு.

கூலருக்குப் பதில் மூன்று ஸ்டார் ஏசி. இரவு எட்டு மணி நேரம், கோடை வெப்பத்தில் மணிக்கு முக்கால் யூனிட் என்று வைத்தால் நாளுக்கு 6 யூனிட், இரண்டு மாதத்தில் 360. மொத்தம் 660 யூனிட். பில் சுமார் 3,500 ரூபாய். ஏசியின் பங்கு மட்டும் 2,800.

யூனிட் கணக்கில் ஏசி கூலரைப் போல மூன்று மடங்குக்குச் சற்று அதிகம்தான் இழுத்தது. ரூபாய்க் கணக்கில் அது ஐந்து மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. படிக்கட்டுபோல உயரும் கட்டணம்தான் காரணம். கூலர் சேர்க்கும் யூனிட்டுகள் கீழ்ப்படியில் விழுகின்றன. ஏசியின் யூனிட்டுகள் மேல்படிகளில் விழுகின்றன, போதாததற்கு 500-ஐத் தாண்டியதால் பழைய யூனிட்டுகளின் சலுகையையும் பறித்துக்கொண்டு போகின்றன. எனவே ஏசி வாங்குமுன் அதன் ஸ்டிக்கரைப் பார்ப்பதோடு நிற்காமல், உங்கள் பழைய பில்லை எடுத்து, இப்போது எத்தனை யூனிட்டில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள். 150 யூனிட் வீட்டுக்கும் 450 யூனிட் வீட்டுக்கும் அதே ஏசி வெவ்வேறு பில்லைத் தரும்.

ஐந்து ஸ்டார் ஏசியாக இருந்தால் அதே எட்டு மணி நேரத்துக்கு நாலரை யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாக முடியும். மொத்தம் 560 யூனிட்டை ஒட்டி நிற்கும். ஏசியின் பங்கு 1,900 ரூபாய் ஆகும். இரண்டு மாதத்துக்கு 900 ரூபாய் மிச்சம். வேலூரில் கோடை நான்கு மாதம் மட்டும் ஓட்டினால், கூடுதலாகக் கொடுத்த விலையை எடுக்க ஐந்து வருடம் ஆகும். சென்னையில் எட்டு மாதம் ஓட்டுகிறவர்களுக்கு மூன்று வருடத்துக்குள் திரும்பிவிடும். ஆகவே கரையோரத்தில் ஏசி வாங்குகிறவர்கள் ஐந்து ஸ்டாருக்குப் போவதே புத்திசாலித்தனம்.

ஸ்டாரைப் பற்றி ஒரு குறிப்பு. ஸ்டிக்கரில் இருக்கும் ஆண்டு மின்செலவு, வருடத்தில் 1,600 மணி நேரம் ஓடும் என்ற கணக்கில் போட்டது. அந்த எண்ணை 1,600-ஆல் வகுத்தால் மணிக்கு எத்தனை யூனிட் என்று வந்துவிடும். நம் கோடையில் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். நான் மேலே அப்படித்தான் கணக்கிட்டிருக்கிறேன்.

வேலூர் வீட்டின் ஐந்து வருடச் செலவைக் கூட்டிப் பார்த்தால் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். பதினோராயிரம் ரூபாய்க் கூலர், வருடாவருடம் பேட் மாற்ற எண்ணூறு, கோடையின் இரண்டு பில்களில் கூடும் மின்செலவு எல்லாம் சேர்ந்து இருபதாயிரம் அளவில் அடங்கும். ஏசிக்கு விலை, பொருத்தும் செலவு, வருடத்துக்கு இரண்டு சர்வீஸ், மின்சாரம் என்று கூட்டினால் எழுபத்தைந்தாயிரத்தைத் தாண்டும். நடுவில் கேஸ் ஒழுகினால் அது தனி. இந்தப் பெரிய இடைவெளிக்கு ஈடாக அந்தக் குடும்பத்துக்குக் கிடைப்பது, 29 டிகிரிக்குப் பதிலாக 25 டிகிரியில் உறக்கம். அது தேவையா என்பதை அவரவர் முடிவு செய்யட்டும். ஆனால் திருவான்மியூரில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. அங்கே கூலருக்கு இருபதாயிரம் செலவழித்தாலும் உறக்கம் கிடைக்காது.

கூலரின் பக்கம் இன்னொரு நன்மையையும் சொல்ல வேண்டும். கோடையில் கரண்ட் போகும் இரவுகளில் வீட்டு இன்வெர்ட்டரிலேயே அது ஓடும். 150 ஏ.எச். பேட்டரி ஒன்று நல்ல நிலையில் இருந்தால், ஒரு கூலரையும் ஒரு விசிறியையும் நான்கைந்து மணி நேரம் தாங்கும். சாதாரண வீட்டு இன்வெர்ட்டரில் ஏசியை ஓட்ட முடியாது.

தண்ணீர் என்ற மறைமுகச் செலவு

கூலரின் உண்மையான எரிபொருள் தண்ணீர். வறண்ட மதியத்தில் மணிக்குப் பத்து லிட்டர், இரவில் ஐந்து லிட்டர் அளவு. இரவு முழுக்க ஓட்டினால் 40 லிட்டர். பகலிலும் ஓட்டினால் நூறை நெருங்கும். கூலர் நன்றாக வேலை செய்யும் அதே ஊர்களில்தான் மே மாதம் தண்ணீர்ப் பஞ்சமும் வருகிறது. லாரித் தண்ணீர் வாங்கும் வீடாக இருந்தால் இதையும் செலவில் சேருங்கள்.

இந்த மாவட்டங்களின் போர்வெல் தண்ணீர் பெரும்பாலும் உப்புத் தண்ணீர். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான்; உப்பு தொட்டியிலேயே தங்கி நாளுக்கு நாள் கெட்டியாகிறது. பேட்டில் வெள்ளையாகப் படிந்து துளைகளை அடைத்துவிடும். காற்று குறைகிறது, குளிர்ச்சி குறைகிறது, மோட்டார் சத்தம் மாறுகிறது என்றால் பேட்டைத் தொட்டுப் பாருங்கள். கல்போல இருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரை மிச்சம் பிடிப்பதாக நினைத்துக் கூலரில் ஊற்றுகிறார்கள். அதில் உப்பு இன்னும் அதிகம்; பேட் ஒரே கோடையில் வீணாகிவிடும். ஏசி குழாயில் வடியும் தண்ணீர் கிடைத்தால் அதை ஊற்றலாம், அதில் உப்பு கிடையாது. மற்றபடி மேலே மேலே நிரப்பிக்கொண்டே போகாமல், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தொட்டியை முழுக்க வடித்துவிட்டுப் புதுத்தண்ணீர் விடுவதுதான் பேட்டைக் காப்பாற்றும். வடித்த தண்ணீரைக் கழிப்பறைக்கு ஊற்றிக்கொள்ளலாம்.

ஏசி வாங்கியவர்களுக்கு

கரையோரத்தில் ஏசிதான் என்று முடிவாகிவிட்டால், அதன் முதல் வேலை ஈரத்தை எடுப்பது என்பதை நினைவில் வையுங்கள். அறைக்குத் தேவைக்கு மேல் பெரிய டன் வாங்கினால், அது அவசரமாகக் குளிர வைத்துவிட்டு ஓய்ந்துவிடும். ஈரத்தைப் பிழியப் போதுமான நேரம் ஓடாது. அறை ஜில்லென்றும் அதே நேரம் நசநசவென்றும் இருக்கும். 120 சதுர அடிப் படுக்கையறைக்கு, மேலே வெயில் படும் மொட்டை மாடி இல்லையென்றால், ஒரு டன்னே போதும்.

18 டிகிரியில் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது பலருடைய நம்பிக்கை. குளிரும் வேகம் கூடுவதில்லை. நிற்கும் இடம்தான் தள்ளிப் போகிறது. 2020 முதல் நட்சத்திரக் குறியீடு பெற்ற அறை ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படிதான் வருகின்றன. ஒவ்வொரு டிகிரி உயர்த்தும்போதும் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்கிறது எரிசக்தித் திறன் அமைப்பு. 26-இல் வைத்து மேலே விசிறியை மெதுவாகச் சுழலவிட்டால், ஈரம் நீங்கிய அறையில் அது நன்றாகவே போதுகிறது. மழைக்கால இரவுகளில் சூடு அதிகம் இல்லாமல் புழுக்கம் மட்டும் இருக்கும்போது ‘டிரை’ என்ற பொத்தானை அழுத்துங்கள். ஏசி ஈரத்தை எடுப்பதற்கு முதலிடம் தரும்.

ஏசி அறையில் ஈரம் வேண்டும் என்று கூலரையும் சேர்த்து ஓட்டுவதை மட்டும் செய்யாதீர்கள். கூலர் ஊற்றும் ஈரத்தை ஏசி மறுபடி பிழிய வேண்டியிருக்கும். இரண்டுக்கும் சேர்த்து நீங்கள் பில் கட்டுவீர்கள்.

வறண்ட ஊரில் இருந்தாலும் ஏசி தேவைப்படும் வீடுகள் உண்டு. படுக்கையில் இருக்கும் முதியவர், இதய நோயாளி, கைக்குழந்தை இருக்கும் வீட்டில் வெப்ப அலை நாட்களில் கூலரின் 29, 30 டிகிரி போதாமல் போகலாம். ஒரு அறைக்கு மட்டும் ஒரு டன் ஏசியும், கூடத்துக்குக் கூலரும் என்று வைத்துக்கொள்வது அங்கே நல்ல ஏற்பாடு. கூலர் ஓடும் கூடத்துக்கும் ஏசி அறைக்கும் நடுவில் உள்ள கதவு மூடியிருந்தால் போதும்.

கூலர் வாங்குகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். கூலர் தொட்டி அதற்குப் பிடித்த இடம். முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். அதனால் வாரம் ஒரு நாள் தொட்டியைக் காலி செய்து, உட்பக்கச் சுவரைப் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவிக் காய விடுங்கள். தண்ணீரை மட்டும் கொட்டினால் போதாது. சுவரில் ஒட்டிய முட்டைகள் காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, அடுத்து தண்ணீர் ஊற்றியதும் பொரிக்கும். கோடை முடிந்து கூலரை எடுத்து வைக்கும்போதும் இதே போலத் தேய்த்துக் கழுவி, பேட்டையும் வெயிலில் காயவைத்த பிறகே மூடி வையுங்கள்.